வீடியோ இன்டர்வியூவில் இருப்பது நீங்கதானா? அடையாளச் சோதனையும் அதைக் குழப்பும் ஃபில்டரும்

"உங்க கையை முகத்துக்கு முன்னாடி கொஞ்சம் கொண்டு வர முடியுமா?"

2025 பிப்ரவரியில், விடோக் செக்யூரிட்டி என்ற சைபர் பாதுகாப்பு ஸ்டார்ட்-அப்பின் இணை நிறுவனர் ஒருவர், வேலைக்கு விண்ணப்பித்தவரிடம் வீடியோ இன்டர்வியூவில் கேட்ட கேள்வி இது. கேட்டதைச் செய்ய இரண்டு நொடிகூட ஆகாது. ஆனால் எதிரில் இருந்தவர் செய்யவில்லை. திரும்பக் கேட்டும் செய்யவில்லை. இன்டர்வியூ அங்கேயே முடிந்தது. திரையில் தெரிந்த முகம் அவருடையது அல்ல, ஃபில்டர் ஒட்டிய முகம் என்ற முடிவுக்கு நிறுவனம் வந்தது. அந்த வீடியோ வெளியாகி, உலகம் முழுக்க எச்.ஆர். வட்டாரங்களில் சுற்றியது.

கையை ஏன் முகத்துக்கு முன்னால் கொண்டுவரச் சொல்ல வேண்டும்? அதைச் செய்தால் என்ன தெரிந்துவிடும்? செய்யாதவர் எல்லாரும் மோசடிக்காரரா? வீட்டிலிருந்தே இன்டர்வியூ கொடுத்து, ஆபீஸ் வாசலை மிதிக்காமலே வேலையில் சேருகிறவர்கள் இருக்கும் காலத்தில், இவை இரு தரப்புக்கும் முக்கியமான கேள்விகள். அழகுக்காக ஆன் செய்த ஃபில்டரால் நேர்மையான ஆள் சந்தேகத்துக்கு ஆளாகலாம். அதே ஃபில்டரின் அண்ணன் போன்ற மென்பொருளை வைத்துக்கொண்டு வேறொருவர் உள்ளே நுழைந்தும் விடலாம்.

சரிபார்ப்பு என்றால் என்ன?

நேரில் நடக்கும் இன்டர்வியூவில் அடையாளத்தைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. செக்யூரிட்டி மேசையில் அடையாள அட்டையைக் காட்டுகிறோம். உள்ளே போய்ப் பேசுகிறோம். வேலை கிடைத்தால் அதே ஆள் திங்கட்கிழமை வந்து உட்காருகிறார். ஆள் மாறினால் யாராவது ஒருவருக்குத் தெரிந்துவிடும்.

வீடியோவில் அந்த ஒரே வேலை நான்கு தனித்தனிக் கேள்விகளாகப் பிரிகிறது. ஒன்று, காட்டப்படும் ஆவணம் உண்மையானதா? இரண்டு, ஆவணத்தில் இருக்கும் முகமும் திரையில் இருக்கும் முகமும் ஒருவருடையதா? மூன்று, திரையில் இருப்பது இந்த நொடியில் கேமரா முன் உட்கார்ந்திருக்கும் மனிதரா, அல்லது பதிவு செய்த வீடியோவோ மென்பொருள் வரைந்த முகமோவா? நான்கு, இன்டர்வியூவில் பேசியவரும் வேலைக்கு வந்து சேர்கிறவரும் ஒரே ஆளா?

நம் ஐ.டி. துறைக்கு நன்கு பழக்கமானது இந்த நான்காவது கேள்விதான். வேலை தேடுகிறவருக்குப் பதிலாக அனுபவசாலி ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கேமரா முன் உட்காருவதற்கு 'பிராக்ஸி இன்டர்வியூ' என்றே பெயர் வந்துவிட்டது. அதைத் தடுக்கப் பல நிறுவனங்கள் செய்வது எளிமையான வேலை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பார்கள். சேரும் நாளில் ஆளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் பலன் தரும் வழி இது. ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் பதிவானது உண்மையான முகமாக இருந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. ஃபில்டர் கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

ஃபில்டர் உள்ளே என்ன செய்கிறது?

ஃபில்டர் என்றதும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. வீடியோ காலில் பயன்படுகிறவை நான்கு வகை.

முதல் வகை, பின்னணியை மங்கலாக்குவது அல்லது மாற்றுவது. மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் 'இது ஆள், இது ஆள் இல்லை' என்று படத்தைக் கத்தரிக்கிறது. முகத்தைத் தொடுவதில்லை. ஆனால் முடியின் ஓரம், காது, கண்ணாடியின் விளிம்பு ஆகியவற்றைச் சில நேரம் கடித்துவிடும்.

இரண்டாவது வகை, தோலை மென்மையாக்குவது. ஜூமில் `Touch up my appearance` என்று இருப்பது இந்த வகை. பரு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம் ஆகியவை மறையும். முகத்தின் வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

மூன்றாவது வகைதான் சிக்கல். முகத்தின் வடிவத்தையே மாற்றுவது. கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கும், தாடையை ஒடுக்கும், மூக்கைச் சின்னதாக்கும். இதற்காக மென்பொருள் முதலில் முகத்தில் புள்ளிகளைக் குறிக்கிறது. கூகுளின் மீடியாபைப் என்ற கருவி ஒரு முகத்தில் 468 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. அவற்றை இணைத்தால் முகத்தின் மேல் ஒரு வலை விரித்த மாதிரி இருக்கும். வலையின் ஒரு முனையை இழுத்தால், அதன்மேல் உள்ள தோலும் சேர்ந்து நகரும். நீங்கள் சிரித்தால் வலையும் சிரிக்கும்; அதனால்தான் பார்க்க இயல்பாக இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களின் முன் கேமராவில் உள்ள 'பியூட்டி' வசதி, இரண்டாவது வகையையும் மூன்றாவது வகையையும் கலந்து செய்கிறது.

நான்காவது வகை, கண் பார்வையைத் திருத்துவது. நீங்கள் திரையின் கீழே எதையோ படித்துக்கொண்டிருந்தாலும், எதிரில் இருப்பவருக்கு கேமராவை நேராகப் பார்ப்பது போலக் கருவிழியை வரைந்து காட்டும். என்விடியா நிறுவனம் 2023-லேயே தன் பிராட்காஸ்ட் மென்பொருளில் இதைக் கொடுத்துவிட்டது. இது முகத்தின் அடையாளத்தை மாற்றாது. ஆனால் 'ஆள் எங்கே பார்க்கிறார்' என்ற குறிப்பை இன்டர்வியூ எடுப்பவரிடமிருந்து பறித்துவிடும்.

முழு முகத்தையும் மாற்றும் 'ஃபேஸ் ஸ்வாப்' இந்த மூன்றாவது வகையின் நீட்சி. புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் அதே முதல் படிதான். பிறகு வலையை இழுப்பதற்குப் பதிலாக, அந்த இடத்தில் வேறொருவர் முகத்தை வரைந்து, ஓரங்களைக் கலந்துவிடுகிறது. அது 'வர்ச்சுவல் கேமரா' என்ற போலிக் கேமரா வழியாக ஜூமுக்கோ மீட்டுக்கோ போகிறது. அந்தச் செயலியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு வெப்கேம்தான். வித்தியாசம் தெரியாது. இதற்குப் பெரிய ஸ்டூடியோ எதுவும் வேண்டாம். பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 ஆய்வுக் குழு 2025-ல் இதைச் செய்து காட்டியது. முன் அனுபவம் இல்லாத ஒருவர், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் நேரலையில் இயங்கும் போலி முகத்தை உருவாக்கிவிட்டார்.

கட்-ஆஃப் மார்க் கீழே இறங்கும் கதை

மென்பொருள் இரண்டு முகங்களை எப்படி ஒப்பிடுகிறது? ஒவ்வொரு முகத்தையும் அது ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறது. இரண்டு வரிசைகளும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்து ஒரு மார்க் போடுகிறது. கட்-ஆஃபுக்கு மேலே வந்தால் 'ஒரே ஆள்'. கீழே போனால் 'வேறு ஆள்'. இடையில் 'இருக்கலாம்' என்று எதுவும் கிடையாது.

புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு. கட்-ஆஃப் 80 என்று வைத்துக்கொள்வோம். கோவையில் இருக்கும் ஒரு இளம்பெண், ஆறு வருடத்துக்கு முன் எடுத்த ஆதார் படத்தோடு வீடியோ இன்டர்வியூவுக்கு வருகிறார். ஃபில்டர் இல்லாமல் நல்ல வெளிச்சத்தில் அவருக்கு 88 கிடைக்கும். படம் பழையது, எடையும் சிகை அலங்காரமும் மாறியிருக்கிறது. அதனால் 100-க்கு அருகில் வராது. தோலை மென்மையாக்கினால் ஓரிரு மார்க் குறையலாம், பாதகம் இல்லை. போனில் தாடையை ஒடுக்கி கண்ணைப் பெரிதாக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறது; 79 ஆகிறது. மங்கலான பல்பு வெளிச்சமும் தடுமாறும் நெட்டும் சேர்ந்தால் இன்னும் கீழே. ஆள் அவரேதான். ஆனால் கணினி 'பொருந்தவில்லை' என்கிறது.

இப்படி நேர்மையான ஆட்கள் வரிசையாகத் தோற்றால் எச்.ஆர். என்ன செய்யும்? புகார் குவியும், ஆள் எடுப்பது தாமதமாகும். "கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்று சரிபார்க்கும் நிறுவனத்திடம் சொல்வார்கள். கட்-ஆஃப் 80-லிருந்து 70 ஆகும். இப்போது அந்தப் பெண் தேறிவிடுவார். ஆனால் 72 வாங்கும் வேறொருவரும், அதாவது கொஞ்சம் சாயல் ஒத்துப்போகும் பிராக்ஸி ஆளும், அதே கதவு வழியாக உள்ளே வந்துவிடுவார்.

ஃபில்டர் இந்தச் சோதனைக்குச் செய்யும் உண்மையான சேதம் இதுதான். ஒரு தனி ஆளின் மார்க்கைக் குறைப்பது சின்ன விஷயம். ஆயிரக்கணக்கானவர்கள் எந்தத் தப்பான எண்ணமும் இல்லாமல் ஃபில்டர் போடும்போது, சோதனையே தன் கண்டிப்பைத் தளர்த்திக்கொள்ள வேண்டி வருகிறது. அந்தத் தளர்வில் லாபம் பார்ப்பவர் மோசடிக்காரர்.

மனிதக் கண்ணை நம்பலாமா?

'மெஷின் வேண்டாம், நாங்களே பார்த்துக்கிறோம்' என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அதுவும் பெரிய ஆறுதல் இல்லை. நமக்குத் தெரிந்த முகத்தை எந்த வெளிச்சத்திலும் கண்டுபிடிக்கிறோம் என்பதால், தெரியாத முகத்தையும் அப்படியே ஒப்பிட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் அதிகாரிகளிடம் எதிரில் நிற்பவரையும் ஒரு படத்தையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். வேறு ஆளின் படத்தை 14 சதவீத முறை 'இவர்தான்' என்று ஏற்றுக்கொண்டார்கள். முகம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஆளை நேரில் பார்த்துச் செய்த தவறு இது. ஜூமில் தீப்பெட்டி அளவுச் சட்டத்தில், கேள்வி கேட்டுக்கொண்டே குறிப்பும் எடுக்கும் ஒரு டீம் லீடரிடம் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கைச் சோதனை ஏன் வேலை செய்கிறது, எங்கே தோற்கிறது?

இப்போது அந்த முதல் கேள்விக்குத் திரும்பலாம். முகத்தை மாற்றும் மென்பொருள் புள்ளிகளை நம்பி வாழ்கிறது. கை குறுக்கே வந்தால் மூக்கு, வாய், கன்னப் புள்ளிகள் மறைகின்றன. அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். மென்பொருள் முகத்தைத் தொலைத்துவிட்டு ஒரு கணம் உண்மையான முகத்தைக் காட்டும். அல்லது கை இருப்பது தெரியாமல், விரல்களின் மேலேயே போலி முகத்தை வரைந்துவிடும். முழுதாகப் பக்கவாட்டில் திரும்பச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். பாதிப் புள்ளிகள் மறைந்துவிடும். தாடை ஓரத்தில் படம் கிழிந்த மாதிரி தெரியும்.

ஆனால் இது தங்கத்தை உரசிப் பார்க்கும் கல் மாதிரி நிரந்தரச் சோதனை இல்லை. முகத்தை எது மறைக்கிறது என்று கணித்து, அந்த இடத்தில் மட்டும் வரையாமல் விடும் வசதி இப்போதைய மென்பொருள்களில் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே கைச் சோதனையில் தோற்றால் சந்தேகப்படக் காரணம் உண்டு. தேறினால் 'உண்மையான ஆள்' என்று முத்திரை குத்த முடியாது.

மறுபக்கம், தவறான சந்தேகமும் வரும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 ஜூனில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வீட்டிலிருந்து செய்யும் ஐ.டி. வேலைகளின் இன்டர்வியூக்களில், உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் இருந்ததையும், இருமல், தும்மல் சத்தம் கேட்டபோது முகம் அதற்கேற்ப அசையாததையும் அது குறிப்பிட்டது. சரியான கவனிப்புதான். ஆனால் செங்கோட்டையிலோ ராமநாதபுரத்திலோ மொபைல் டேட்டாவில் பேசும் ஒருவருக்கும் உதடும் குரலும் விலகத்தான் செய்யும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நெட் மோசமானால் முழுப் படமும் சேர்ந்து கெடும். முகத்தோடு சட்டையும், பின்னாலிருக்கும் சுவரும், காலண்டரும் கட்டம் கட்டமாக உடையும். ஃபில்டர் தடுமாறினால் கெடுவது முகத்தின் எல்லைக்குள் மட்டும்தான். சட்டையின் பட்டன் தெளிவாகத் தெரியும்போது, தாடை மட்டும் நடுங்கினால் கவனிக்க வேண்டும். நெற்றி ஓரம், காதுக்குப் பக்கம், கண்ணாடியின் பிரேம் ஆகிய இடங்களில் இது முதலில் வெளிப்படும்.

இன்னொரு பொதுவான குழப்பம் பின்னணி மங்கலாக்குவதில் வருகிறது. "ஐ.டி. கார்டை கேமரா முன்னாடி காட்டுங்க" என்பார்கள். காட்டியதும் கார்டு மாயமாகிவிடும், அல்லது பாதி தெரியும். மோசடி ஒன்றும் இல்லை. மென்பொருளுக்கு ஆள் மட்டும்தான் ஆள். கையில் இருக்கும் கார்டு பின்னணியைச் சேர்ந்தது. பதற்றத்தில் இருக்கும் விண்ணப்பதாரருக்கு இது தெரியாது. எதிரில் இருப்பவருக்கும் தெரியாவிட்டால் வீண் சந்தேகம்தான் மிச்சம்.

நான்கு சுற்றும் தேறிய போலி ஆள்

இந்தச் சோதனைகள் எல்லாம் கச்சிதமாக நடந்தும் தோற்க முடியும் என்பதற்கு உதாரணம், அமெரிக்காவின் நோபிஃபோர் நிறுவனம். ஊழியர்களுக்கு சைபர் பாதுகாப்புப் பயிற்சி தருவதே அதன் தொழில். 2024-ல் ஒரு மூத்த மென்பொருள் பொறியாளரை வேலைக்கு எடுத்தது. வெவ்வேறு நாள்களில் நான்கு வீடியோ இன்டர்வியூ நடத்தினார்கள். விண்ணப்பத்தில் இருந்த படமும் திரையில் இருந்த முகமும் ஒன்றாகவே இருந்தன. பின்னணி விசாரணையிலும் எந்தக் குறையும் இல்லை. ஆபீஸ் மேக் கம்ப்யூட்டரை அவர் கொடுத்த முகவரிக்கு அனுப்பினார்கள்.

ஜூலை 15 இரவு 9.55 மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரில் சந்தேகத்துக்குரிய நடவடிக்கைகள் தொடங்கின. பாதுகாப்புக் குழு விசாரித்தபோது, ரவுட்டரில் வேகப் பிரச்சினையைச் சரி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். போனில் பேசக் கூப்பிட்டார்கள், வரமுடியாது என்றார். 10.20-க்குள் அந்தக் கம்ப்யூட்டரை முடக்கிவிட்டார்கள். தகவல் எதுவும் திருடு போகவில்லை. வேலைக்கு வந்தவர் வட கொரியாவைச் சேர்ந்தவர் என்பது பிறகு தெரிந்தது. இதை நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது.

எங்கே கோட்டை விட்டார்கள்? பெயரும் ஆவணங்களும் ஓர் உண்மையான அமெரிக்கருடையவை, திருடப்பட்டவை. அதனால் பின்னணி விசாரணை 'சுத்தம்' என்றது. அந்த அமெரிக்கர் உண்மையிலேயே சுத்தமானவர்தான். விண்ணப்பத்தில் இருந்த படமோ, இணையத்தில் கிடைக்கும் ஒரு படத்தை வைத்து ஏ.ஐ. மூலம் மாற்றியமைக்கப்பட்டது. அந்தப் படத்தைக் கொடுத்ததும் விண்ணப்பதாரர். கேமரா முன் வந்ததும் விண்ணப்பதாரர். இரண்டும் பொருந்தாமல் வேறு என்ன செய்யும்? ஒருவர் கொடுத்த படத்தை அவரோடே ஒப்பிட்டால், படமும் ஆளும் ஒரே இடத்திலிருந்து வந்தன என்பது மட்டும்தான் நிரூபணமாகும். அவர் பெயர் நிஜமா என்பது நிரூபணமாகாது.

கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்த இடமும் முக்கியம். இப்படிப்பட்டவர்களுக்காக அமெரிக்க முகவரியில் லேப்டாப்களை வாங்கி வைத்து, தொலைவிலிருந்து இயக்க விடும் ஆட்கள் உண்டு. இதற்கு 'லேப்டாப் பண்ணை' என்றே பெயர். அரிசோனாவில் வீட்டிலேயே அப்படி ஒன்றை நடத்திய பெண்ணுக்கு 2025 ஜூலையில் 102 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அந்த ஒரு வலைப்பின்னலில் ஏமாந்த அமெரிக்க நிறுவனங்கள் முந்நூறுக்கும் மேல்.

வங்கி செய்வதை நிறுவனம் ஏன் செய்வதில்லை?

வீடியோவில் அடையாளம் பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. வங்கிக் கணக்கு தொடங்க வீடியோ கே.ஒய்.சி.யை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்தது. அதற்கான விதிகளைப் பார்த்தால், இன்டர்வியூக்களில் என்னென்ன இல்லை என்பது புரியும். வங்கியின் பயிற்சி பெற்ற ஊழியர்தான் பேச வேண்டும். கேள்விகளின் வரிசையை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும், பதிவு செய்த வீடியோ ஓடவில்லை என்பது தெரிவதற்காக. பதிவில் இருப்பிடமும் நேரமும் பதிய வேண்டும். வெளிநாட்டு ஐ.பி. முகவரியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்க வேண்டும். உயிருள்ள முகமா என்று பார்க்கும் தொழில்நுட்பம் இருக்க வேண்டும். அது இருந்தாலும், அடையாளம் காணும் இறுதிப் பொறுப்பு வங்கிக்குத்தான்.

முக்கியமாக, அந்த வீடியோவை வங்கி தன் சொந்த அமைப்பில் நடத்துகிறது. வேலை இன்டர்வியூவோ, எல்லாருக்கும் திறந்திருக்கும் ஒரு வீடியோ கால் செயலியில் நடக்கிறது. எந்தக் கேமரா, எந்த ஃபில்டர், எந்த ஊர் என்பதெல்லாம் விண்ணப்பதாரர் கையில்.

எல்லா இன்டர்வியூவையும் வங்கிக் கணக்கு மாதிரி நடத்தச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. அது நியாயமும் இல்லை. வேலை கிடைக்குமா என்றே தெரியாத முதல் சுற்றில், ஆயிரம் பேரின் ஆதாரையும் முகப் பதிவையும் வாங்கிக் குவிப்பது வேறு ஆபத்து. ஆனால் மூன்று விஷயங்களை எந்த நிறுவனமும் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

முதலாவது, முன்கூட்டியே சொல்வது. இன்டர்வியூ அழைப்பிலேயே 'பின்னணி, பியூட்டி, கண் திருத்தம் உள்பட எல்லா ஃபில்டரையும் ஆஃப் செய்துவிட்டு வாருங்கள். தொடக்கத்தில் ஒரு நிமிடம் தலையைத் திருப்பவும் கையை அசைக்கவும் சொல்வோம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். சந்தேகம் வந்தவரிடம் மட்டும் கேட்டால் அது அவமானமாகிவிடும். அதோடு, சந்தேகம் எந்த ஊர்ப் பேச்சின்மீதும் எந்த நிறத்தின்மீதும் விழும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. வீட்டைக் காட்டக் கூச்சப்படுகிறவருக்கு, அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் பின்னணியை மறைத்துக்கொள்ள அனுமதிக்கலாம். அடையாளச் சோதனைக்கும் அதற்கும் பகை இல்லை.

இரண்டாவது, ஒப்பிடும் படம் விண்ணப்பதாரர் அனுப்பியதாக இருக்கக் கூடாது. வேலை உறுதியாகும் கட்டத்தில் ஆதாரின் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பார்க்கலாம். ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடு பெயரும் படமும் அதற்குள் இருக்கின்றன. அட்டையில் படத்தை மாற்றி ஒட்டினாலும் க்யூ.ஆரில் இருப்பதை மாற்ற முடியாது. அந்தப் படம் சின்னது, பழையதாகவும் இருக்கலாம். ஆனால் அது வெளியே ஓர் இடத்திலிருந்து வந்தது. நோபிஃபோர் விஷயத்தில் இல்லாமல் போனது அதுதான்.

மூன்றாவது, சோதனையை இன்டர்வியூவோடு நிறுத்தக் கூடாது. லேப்டாப்பை ஒப்படைக்கும் நேரம்தான் கடைசி வாய்ப்பு. கூரியரில் அனுப்பாமல், அருகிலுள்ள கிளையில் அடையாள அட்டையைக் காட்டி நேரில் வாங்கச் சொல்லலாம். முடியாவிட்டால், அட்டையில் உள்ள முகவரிக்கு மட்டும் அனுப்பலாம். கடைசி நிமிடத்தில் 'வேற அட்ரஸுக்கு அனுப்புங்க' என்றால் காரணம் கேட்க வேண்டும். முதல் வாரத்தில் இன்டர்வியூ எடுத்தவரே ஒரு முறை வீடியோவில் பேசி, அன்று விண்ணப்பதாரர் சொன்ன தீர்வைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால், பிராக்ஸி ஆளின் சாயம் அங்கேயே வெளுத்துவிடும். எந்த ஃபில்டராலும் இன்னொருவரின் ஞாபகத்தை ஒட்டவைக்க முடியாது.

நீங்க இன்டர்வியூ கொடுக்கப் போறீங்களா?

முந்தின நாளே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீடியோ செயலியில் ஒரு டெஸ்ட் காலைத் திறந்து, பின்னணி, எஃபெக்ட் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். அதோடு முடியாது. போனின் கேமரா செட்டிங்கிலும், லேப்டாப்பின் கேமரா செட்டிங்கிலும் தனியாக ஒரு பியூட்டி வசதி இருக்கலாம். செயலியில் ஆஃப் செய்தாலும் அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கேமரா பட்டியலில் எப்போதோ போட்ட வர்ச்சுவல் கேமரா தேர்வாகி இருந்தால், நிஜக் கேமராவுக்கு மாற்றுங்கள்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துப்போகும், ஒப்பீட்டு மார்க்கும் குறையும். கையை முகத்துக்கு முன் ஆட்டிப் பாருங்கள். விரல்கள் முழுதாகத் தெரிகின்றனவா? அடையாள அட்டையைக் காட்டிப் பாருங்கள். எழுத்து உங்களுக்கு இடவலம் மாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் திரை கண்ணாடி மாதிரி காட்டுகிறது. எதிரில் இருப்பவருக்கு நேராகவே தெரியும்.

நெட் திணறினால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தபின் சொன்னால் அது சாக்காகக் கேட்கும். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்திருக்கும் மாஸ்க்டு ஆதாரை அனுப்புங்கள். எச்.ஆர். என்று சொல்லிக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஆதார், பான், செல்ஃபி வீடியோ மூன்றையும் கேட்பவர் யார் என்பதை, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணிலோ மின்னஞ்சலிலோ உறுதி செய்யாமல் எதையும் கொடுக்காதீர்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால், உங்கள் பெயரில் இன்னொருவர் இன்டர்வியூவுக்குப் போக முடியும்.

அடையாளச் சோதனை இரு வழிச் சாலை. விண்ணப்பதாரர் தன் நிஜ முகத்தோடு வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் நிறுவனம், யார் பார்க்கிறார்கள், எதற்குப் பதிவு செய்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாத இடத்தில், முகத்தைக் காட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்வது விண்ணப்பதாரரின் உரிமை.